மிதியடியை முகர்ந்ததும் வாயைப் பிளக்கும் கிட்டு

கேள்வி: டாக்டர், எங்கள் பூனை கிட்டுவுக்கு 11 மாதம். ஆண். கருத்தடை செய்யவில்லை. முதல் மாடியில் குடியிருக்கிறோம், வெளியே விடுவதில்லை. ஒரு மாதமாகக் காலையில் கதவைத் திறந்ததும் வாசல் மிதியடியை விடாமல் முகர்கிறான். பிறகு தலையைத் தூக்கி, மேலுதட்டை இழுத்து, வாயைப் பாதி திறந்தபடி ஐந்தாறு விநாடி எங்கோ வெறித்துப் பார்க்கிறான். கணவர் வெளியூர் போய்வந்து கழற்றிப்போடும் பனியனிலும் இதே கதைதான். "என் வியர்வை நாற்றம் தாங்காமல் முகம் சுளிக்கிறான்" என்று அவர் சிரிக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஆஸ்துமா என்கிறார். நான் பயந்துபோய் நீலகிரித் தைலம் விட்டு ஆவி காட்டினேன், இரண்டு முறை. வாசலில் ஏதோ வாடை இருக்கிறது என்று தினமும் பினாயில் ஊற்றிக் கழுவுகிறேன். ஆனால் போன வாரம் கதவோரச் சுவரில் அவனே வாலை நடுக்கிக்கொண்டு சிறுநீர் பீய்ச்சிவிட்டான். அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனபோது குப்பைமேனி வேரைக் கண்டு உருண்டு புரண்டான். அதுவும் இந்த நோயின் அறிகுறியா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? வீடியோ அனுப்பியிருக்கிறேன்.
— வாசகி, திருச்சி

பதில்: வீடியோவைப் பார்த்தேன். கிட்டுவுக்கு மூச்சுக் கோளாறு எதுவும் தெரியவில்லை. எக்ஸ்ரே இப்போதைக்கு வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களை இன்றே நிறுத்திவிடுங்கள். ஒன்று தைல ஆவி, இன்னொன்று பினாயில். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்தவை இவைதான், வாய் திறப்பது அல்ல. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் பயத்தைப் பார்த்துவிடுவோம்.

மூச்சுத்திணறலும் இதுவும்

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. நாய் வாயைத் திறந்து இளைத்தால் நாம் கண்டுகொள்வதில்லை, அது அதன் இயல்பு. பூனை அப்படியல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை வாயால் மூச்சு விட்டால் ஆஸ்துமா, நெஞ்சில் நீர் கோத்தல், இதயக் கோளாறு, வெயில் தாக்கம் என்று எதுவாகவும் இருக்கலாம், அது அவசர சிகிச்சைக்குரியது. அதனால் வாய் திறந்த பூனையைப் பார்த்து நீங்கள் பயந்தது தவறே இல்லை.

ஆனால் வீடியோவில் வரிசையைக் கவனியுங்கள். கிட்டு மிதியடியின் ஓரத்தில் மூக்கை ஒட்டவைக்கிறான். நுனிநாக்கால் ஒரு முறை தொட்டுப் பார்க்கிறான். அதன் பிறகுதான் தலை மேலே வருகிறது, உதடு சற்று விலகுகிறது, வாய் திறக்கிறது. உடம்பு ஆடாமல் நிற்கிறது, நெஞ்சும் வயிறும் வேகமாக ஏறி இறங்கவில்லை. ஆறாவது விநாடியில் வாயை மூடி, மூக்கை நக்கிவிட்டு, மறுபடி அதே இடத்துக்குக் குனிகிறான். திணறும் பூனை திணறவைத்த இடத்துக்கே தானாகத் திரும்பிப் போகாது.

ஆஸ்துமா வந்த பூனை தரையோடு ஒட்டிக் குந்தும், கழுத்தை முன்னால் நீட்டும், முழங்கையை அகட்டி வைத்துக்கொள்ளும், இருமும், வயிறு உள்வாங்கி உள்வாங்கி வெளியே வரும். முகர்ந்தானா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. சந்தேகம் தீரவேண்டுமானால் கிட்டு நன்றாகத் தூங்கும்போது நெஞ்சு எத்தனை முறை உயர்கிறது என்று 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். தூக்கத்திலேயே 40ஐத் தாண்டினால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய்ப்புண்ணும் பல்வலியும்கூடப் பூனையை வாயைப் பிளக்கவைக்கும். அப்போது எச்சில் ஒழுகும், தின்பதைக் கீழே போடும், முன்காலால் வாயைத் தேய்க்கும். வீடியோவில் அதெல்லாம் எதுவும் இல்லை.

மூக்கு என்ன செய்கிறது

கிட்டு செய்வதைப் புரிந்துகொள்ள, அவனுக்கு வாடையை அறிய இரண்டு தனித்தனிக் கருவிகள் இருக்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நமக்கும் இருக்கிற மூக்கு. இன்னொன்று நமக்குச் செயலிழந்துபோனது.

முதலில் மூக்கு. அவ்வளவு சின்ன முகத்துக்குள் அவ்வளவு கூர்மையான மோப்பம் எப்படி அடங்குகிறது என்பதை அமெரிக்காவின் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் விளக்கினார்கள். பூனையின் மூக்கைக் கணினியில் முப்பரிமாணமாக உருவாக்கி, அதற்குள் காற்று எப்படிப் போகிறது என்று கணக்கிட்டுப் பார்த்தார்கள். உள்ளே இழுக்கும் காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி மெதுவாகப் போய், ஈரமும் சூடும் ஏறி, தூசி நீங்கி நுரையீரலுக்குச் செல்கிறது. ஒரு சிறு பகுதி மட்டும் மூக்கின் மேற்கூரையை ஒட்டிய பாதையில் வேகமாகப் பாய்ந்து நேராகப் பின்னால் இருக்கும் மோப்பப் பகுதியை அடைகிறது. அங்கே மெல்லிய எலும்புச் சுருள்களுக்கு இடையே இருக்கும் பல இணையான குழல்களில் பரவி, மெதுவாகச் சுற்றுகிறது.

அந்தச் சுருள்தான் விஷயம். நேராக ஒரு குழாய் போட்டால் அவ்வளவு நீளத்துக்கு அந்த முகத்தில் இடம் இல்லை. சுருட்டிப் பல கிளைகளாக்கினால் வேகமாக வந்த காற்று நிதானமாகி, அதிலுள்ள மூலக்கூறுகள் ஈரமான படலத்தில் படிய நேரம் கிடைக்கிறது. அதே மண்டைக்குள் நேரான குழாய் வடிவில் மூக்கு இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிட இந்த அமைப்பு 100 மடங்குக்குமேல் திறமையாக வாடையைப் பிரிக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆய்வகங்களில் கலவை வாயுக்களைப் பிரிக்கும் கருவியிலும் இதே தத்துவம்தான்.

படலத்தில் கரைந்த மூலக்கூறு அங்கிருக்கும் நரம்பணுக்களின் ஏற்பிகளில் ஒட்டுகிறது. நரம்பிழைகள் மண்டையோட்டில் சல்லடைபோல் துளைகள் உள்ள ஒரு எலும்பைக் கடந்து மூளையின் முன்புறத்திலுள்ள மோப்பக் குமிழுக்குச் செய்தியைக் கொண்டுபோகின்றன. மீன் வந்திருக்கிறது, புது ஆள் வந்திருக்கிறார், பால் புளித்துவிட்டது என்பதெல்லாம் இந்த வழியில்தான் தெரிகிறது.

பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காதும் சரியாகக் கேட்காது. தாயின் மடிக்காம்பை அது தேடிப் போவது வாடையை வைத்துத்தான். பெரிய பூனைக்கும் சாப்பாட்டில் முதல் தீர்ப்பு மூக்கினுடையது. சளி பிடித்து மூக்கடைத்தால் எதிரே வைத்த மீனைக்கூட அது தொடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மூக்கடைத்த பூனைக்குச் சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வாடை எழும்பும்படி வைக்கச் சொல்வது அதனால்தான்.

இரண்டாவது கருவிக்கு வழி வாய்

மூக்குக்கு ஒரு எல்லை உண்டு. காற்றில் ஆவியாகி மிதந்து வருவதைத்தான் அது பிடிக்கும். சிறுநீரிலும் சுரப்பிகளின் கசிவிலும் உள்ள செய்திகளில் ஒரு பகுதி கனமான மூலக்கூறுகளில் இருக்கிறது. புரதங்கள், கொழுப்புப் பொருள்கள் இவை சும்மா முகர்ந்தால் மேலே எழும்பி வராது. ஈரத்தோடு எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கிட்டு அசந்து தூங்கும்போது மேலுதட்டை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள் (அவன் விட்டால்). மேல் முன்வரிசையின் குட்டிப் பற்களுக்குச் சற்றுப் பின்னால் மேலண்ணத்தில் ஒரு சின்ன மேடு தெரியும். அதன் இரு பக்கமும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. அவை மூக்கையும் வாயையும் இணைக்கும் இரண்டு குழல்களின் வாசல். அந்தக் குழல்களில் திறக்கும்படி, மேலண்ணத்துக்கு மேலே, மூக்கின் நடுச்சுவரின் அடியில், இடம் வலமாக இரண்டு திரவம் நிறைந்த நீண்ட பைகள் இருக்கின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் லுட்விக் ஜேக்கப்சன் 1813இல் பல விலங்குகளில் இதை விவரித்தார். அதனால் ஜேக்கப்சன் உறுப்பு என்று பெயர்.

கிட்டு செய்ததை இப்போது மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூக்கையும் நாக்கையும் மிதியடியில் வைத்தபோது அதிலிருந்த பொருள் அவன் ஈரத்தில் கரைந்தது. உதட்டை இழுத்து வாயைத் திறந்ததில் அந்தத் துளைகளுக்கு வழி விட்டான். நாக்கு மேலண்ணத்தை நோக்கி அதைக் கொண்டுபோகும். அதற்குமேல் வேலை செய்வது உறுப்பே. அதைச் சுற்றி ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அவை சுருங்கும்போது பையின் உட்பகுதி விரிந்து திரவத்தை இழுத்துக்கொள்கிறது. மறுபடி ரத்தம் நிறைந்து அவை விரியும்போது பை நசுங்கி உள்ளிருந்ததை வெளியே தள்ளுகிறது. மைப்பேனாவின் ஃபில்லரை அழுத்திவிட்டால் மை ஏறுவது போல. அதனால்தான் மூச்சு விடாமலேயே இது நடக்க முடிகிறது. கிட்டு வாயைத் திறந்தபடி நின்றதைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். ஆனால் இது மூச்சைக்கொண்டு நடக்கும் காரியமே அல்ல.

இங்கிருந்து கிளம்பும் நரம்புக்கும் தனிப் பாதை. மோப்பக் குமிழுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் துணைக் குமிழுக்குப் போய், அங்கிருந்து பயம், சண்டை, இனச்சேர்க்கை இவற்றை நடத்தும் மூளைப் பகுதிகளுக்குச் செல்கிறது. மீனின் வாடை சேர்கிற இடமும் இன்னொரு ஆண் பூனையின் சிறுநீர் சேர்கிற இடமும் ஒன்றல்ல. கிட்டு மிதியடியிலிருந்து நிமிரும்போது கண் எங்கோ நிலைத்திருக்கிறதே, அந்த நேரத்தில் நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் திரும்பமாட்டான்.

முகர்ந்து அறிவதில் நாய்தான் பெரியது என்று எல்லோரும் சொல்வார்கள். சாதாரண மோப்ப ஏற்பிகளின் எண்ணிக்கையில் அது உண்மை. ஆனால் இந்த உறுப்பில் வேலை செய்யும் ஒரு வகை ஏற்பிகளுக்கான மரபணு பூனைக்குச் சுமார் 30 உண்டு. நாய்க்கு 10க்கும் குறைவு. ஓடிப்போனவனைத் தடம்பிடிப்பதில் நாய் கெட்டி. யாருடைய சிறுநீர் என்று நின்று நிதானமாகப் பார்ப்பதில் பூனை கெட்டி என்று நான் சொல்வேன்.

சுளிப்பு அல்ல

உங்கள் கணவரின் விளக்கம் சுவையாக இருக்கிறது, ஆனால் சரியல்ல. மனிதர்கள் முகம் சுளிக்கும்போது மேலுதடு உயர்வதால் நமக்கு அப்படித் தோன்றுகிறது. வெறுத்த வாடையிலிருந்து பூனை தலையைத் திருப்பிக்கொள்ளும், காலை உதறும், மண்ணைப் பறித்து மூடுவதுபோல் தரையைச் சுரண்டும், போய்விடும். வாய் திறப்பது இன்னும் கொஞ்சம் எடுத்துப் பார்க்கத்தான்.

ஆடு வளர்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெட்டையாடு சிறுநீர் விட்டதும் கிடா அதை முகர்ந்து, கழுத்தை நீட்டி, மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு நிற்குமே, அதேதான். குதிரை, எருமைக் கடா, உயிரியல் பூங்காவில் இருக்கும் புலி, சிங்கம் எல்லாம் செய்யும். ஜெர்மனியின் லைப்சிக் உயிரியல் பூங்காவில் இருந்த கார்ல் மாக்ஸ் ஷ்னைடர் 1930இல் இதை ஆராய்ந்து எழுதியதிலிருந்து கால்நடை மருத்துவர்கள் இதற்கு ஃப்ளேமன் என்ற ஜெர்மன் சொல்லையே வைத்துக்கொண்டோம். ஆண்தான் அதிகம் செய்யும். ஆனால் பெண் பூனையும் செய்யும், கருத்தடை செய்த பூனையும் செய்யும்.

பனியனுக்கு வருவோம். வெளியூர் போய்வந்த பனியன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த விவரம் முக்கியம். அன்றாடம் போடும் பனியனில் அவன் அப்படிச் செய்வதில்லை என்றுதானே அர்த்தம்? ஜப்பானில் 30 பூனைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2025இல் வெளியானது. பூனையை வளர்ப்பவரின் அக்குள், காதின் பின்புறம், கால்விரல் இடுக்கு ஆகிய இடங்களில் பஞ்சால் துடைத்து எடுத்த வாடையையும், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அதேபோல் எடுத்த வாடையையும் வைத்தார்கள். தெரியாதவரின் வாடையைப் பூனைகள் அதிக நேரம் முகர்ந்தன. உங்கள் கணவரின் பனியனில் பழகிய வாடையோடு பேருந்து, விடுதி மெத்தை, வேறு ஊர் நாயோ பூனையோ உரசிய தடம் எல்லாம் சேர்ந்திருக்கும். பழகியதில் பழகாதது கலந்திருந்தால் ஒரு தடவை முகர்ந்து விட்டுவிட முடியாது. வியர்வை நாற்றம் என்று அவர் சங்கடப்பட வேண்டாம்.

குப்பைமேனி வேறு கதை

அம்மா வீட்டில் நடந்ததும் நோய் அல்ல. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு, உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பல பூனைகள் முகம் தேய்த்து, எச்சில் விட்டு, உருண்டு புரளும். வேரில் இருக்கும் பொருள்கள் மேல்நாட்டில் பூனைகளுக்காகவே விற்கும் கேட்னிப் செடியில் உள்ள பொருளுக்கு உறவானவை.

ஆனால் இது ஜேக்கப்சன் உறுப்பின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். படித்தவர்களே பலர் அப்படி எழுதுகிறார்கள். 1985இல் ஹார்ட், லீடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஜேக்கப்சன் உறுப்பை நீக்கிய பூனைகள் கேட்னிப்பில் வழக்கம்போலப் புரண்டன. மோப்பக் குமிழை நீக்கிய பூனைகள் புரளவில்லை. ஆக அந்தப் பரவசம் சாதாரண மூக்கின் வழியாகவே வருகிறது. கிட்டு வேரைக் கண்டதும் புரண்டானே தவிர வாயைப் பிளந்து நின்றதாக நீங்கள் எழுதவில்லை. அது பொருந்துகிறது. எப்போதாவது வேரில் விளையாட விடலாம், மருந்தென்று அரைத்துப் புகட்ட வேண்டாம்.

மிதியடியில் யார்

எனக்குப் படுவது இதுதான்: இரவில் ஒரு ஆண் பூனை மாடிப்படி ஏறி வந்து உங்கள் வாசலில் பீய்ச்சிவிட்டுப் போகிறது. ஒரு மாதமாக என்கிறீர்கள், காலையில்தான் என்கிறீர்கள், மிதியடியில்தான் என்கிறீர்கள். மூன்றும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. மாடிப்படியில் கேமரா வைத்திருக்கும் வீடு இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

கருத்தடை செய்யாத ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் நிறைய இருக்கும். அதற்குத் தனியாக வாடை பெரிதாக இல்லை. கூடவே வெளிவரும் காக்சின் என்ற புரதம் அதன் உற்பத்தியில் பங்கெடுக்கிறது. வெளியே வந்தபின் ஃபெலினின் மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக வாடையுள்ள பொருளாக மாறுகிறது. ஆண் பூனை வாடை என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்வது இதைத்தான். சிதைய நேரம் எடுப்பதால் பீய்ச்சிய இடம் அன்றைக்கு மட்டும் நாறிவிட்டு ஓய்வதில்லை. நமக்கு அது வெறும் நாற்றம். கிட்டுவுக்கு அங்கே வந்தது ஆண், வளர்ந்தவன், வெளியாள் என்ற சேதி. 11 மாதத்தில் அவனும் வயதுக்கு வந்துவிட்டான். பதிலுக்கு அவனும் கதவோரச் சுவரில் எழுதிவிட்டான். நின்றபடி, பின்புறத்தைச் சுவருக்குக் காட்டி, வாலை நடுக்கிப் பீய்ச்சுவது எல்லை குறிப்பது.

அவன் குந்தி உட்கார்ந்து முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ, மணல் தட்டுக்கு அடிக்கடி ஓடி ஒன்றும் வராமல் கத்தினாலோ அது வேறு. ஆண் பூனைக்குச் சிறுநீர்ப்பாதை அடைத்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

பினாயிலும் தைலமும்

கறுப்புப் பினாயிலில் கரித்தார் வழி வந்த ஃபீனால் வகைப் பொருள்கள் இருக்கின்றன. வெள்ளைப் பினாயிலில் பைன் எண்ணெய். இரண்டையும் உடைத்து வெளியேற்றத் தேவையான ஒரு நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. நமக்கோ நாய்க்கோ ஒன்றும் செய்யாத அளவு அதற்கு நஞ்சாகும். நீலகிரித் தைலத்துக்கும் இதே கணக்கு. கழுவிய ஈரத்தரையில் நடந்தால் பாதத்தில் ஒட்டுகிறது, பாதத்தை நக்கினால் வாயில் போகிறது. கிட்டுவோ வேண்டுமென்றே மூக்கையும் நாக்கையும் அந்த இடத்திலேயே வைக்கிற பூனை. இரண்டு நாள் கவனியுங்கள். எச்சில் வழிதல், நாக்கில் புண், தள்ளாட்டம், சாப்பிடாமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் போய் எதை ஊற்றினீர்கள் என்று பாட்டிலையே காட்டுங்கள். தைலம் விட்டு ஆவி காட்டியதையும் சொல்லுங்கள். அந்துருண்டை போட்டால் பூனை வராது என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதுவும் நஞ்சுதான், வேண்டாம்.

பினாயிலால் பலனும் இல்லை. அது வாடையின் மேல் இன்னொரு வாடையைப் பூசுகிறது, அவ்வளவுதான். அடியில் இருக்கும் புரதமும் ஃபெலினினும் அங்கேயே இருக்கின்றன. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை எரிக்கும் வாயு வரும்.

மிதியடி துணியோ தேங்காய் நாரோ என்றால் கழுவ மெனக்கெடாமல் தூக்கிப் போட்டுவிடுங்கள், நாருக்குள் போனது வராது. பதிலுக்கு ரப்பர் மிதியடி வாங்கி இரவில் உள்ளே எடுத்து வையுங்கள். தரையையும் சுவரையும் முதலில் வெறும் தண்ணீரால் துடையுங்கள். பிறகு நொதி கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் பத்தில் ஒரு பங்கு கலந்து தேய்த்து, ஒரு கால் மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசித் துடைத்துவிடுங்கள். காய்ந்தபின் சர்ஜிகல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்து ஒரு முறை துடைத்தால் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையும் போகும். ஸ்பிரிட் முழுதாகக் காயும்வரை கிட்டு உள்ளே இருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம். செல்லப்பிராணிக் கடைகளில் இதற்கென்றே நொதி கிளீனர் கிடைக்கிறது. விலை கூடுதல், ஆனால் வேலை குறைவு.

சோதிப்பதும் எளிது. சுத்தம் செய்த மறுநாள் காலை கிட்டு அந்த இடத்தை முகர்ந்துவிட்டுச் சும்மா போனால் போய்விட்டது என்று பொருள். வாயைத் திறந்தால் இன்னும் இருக்கிறது, அல்லது ராத்திரி விருந்தாளி மறுபடி வந்திருக்கிறார்.

கருத்தடை பற்றி

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லவேண்டியது இதுதான். வீட்டுக்குள்ளேயே வளரும் 11 மாத ஆண் பூனைக்குக் கருத்தடையைத் தள்ளிப்போட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. செய்தால் பத்தில் ஒன்பது ஆண் பூனைகள் பீய்ச்சுவதை விட்டுவிடுகின்றன அல்லது வெகுவாகக் குறைக்கின்றன. ஃபெலினின் குறைவதால் சிறுநீர் வாடையும் தணிந்துவிடும். தெருப் பெண் பூனை கத்தும்போது கதவைப் பிறாண்டுவதும் அடங்கும். மயக்க மருந்தின் சிறு அபாயம் உண்டு, அதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை கேட்டு வாங்கலாம். எடை போடும் என்பதும் உண்மை. அறுவைக்குப் பிறகு சாப்பாட்டைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள்.

ஒன்றை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கருத்தடை செய்தால் வாய் திறப்பது நின்றுவிடாது, நிற்கவும் வேண்டாம். குறையலாம். பனியனைக் கண்டால் அப்போதும் செய்வான். பழக்கமாகிவிடுமோ என்று திட்டியோ தட்டியோ நிறுத்தவும் முயலாதீர்கள்.

அப்புறம், சுவரில் பீய்ச்சுவது அறுவை முடிந்த அன்றே நிற்காது. ஹார்மோன் சில நாளில் இறங்கிவிடும், நடத்தை மாறச் சில வாரம் பிடிக்கும். அறுவை முடிந்து இரண்டு மாதம் ஆகியும் கதவோரத்தில் பீய்ச்சினால் அப்போது சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதற்கு முன் அந்த வெளிப் பூனைக்கு வாசலில் யாராவது சாப்பாடு வைக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள். வைத்தால் கிண்ணத்தை மாடியிலிருந்து தெருப் பக்கம் மாற்றச் சொன்னாலே வரத்து பெரும்பாலும் குறைந்துவிடும்.